ஒரு கிலோவில் கைமாறிய தங்கம்: பளுதூக்குதலின் மூன்று வாய்ப்புகள்

கேள்வி: பளுதூக்குதலில் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று இரண்டு சொல்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆளுக்கு மூன்று வாய்ப்பு கொடுத்தால் எதைக் கணக்கில் எடுப்பார்கள்? முதல் பாதியில் முன்னால் இருந்தவர் கடைசியில் வெள்ளியோடு நிற்பது எப்படி? இந்த விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாதவருக்குப் புரியும்படி யாராவது சொல்லுங்கள்.

பதில்:

ஸ்னாட்ச் என்பது தரையிலிருக்கும் கம்பியை எங்கும் நிறுத்தாமல் ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டு போவது. கிளீன் அண்ட் ஜெர்க் என்பது முதலில் தோள் வரை கொண்டு வந்து நிறுத்தி, பிறகு அங்கிருந்து தலைக்கு மேல் தள்ளுவது. ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்புகள் உண்டு. ஸ்னாட்ச்சில் வெற்றிகரமாகத் தூக்கிய மிக அதிக எடையையும், கிளீன் அண்ட் ஜெர்க்கில் அப்படித் தூக்கிய மிக அதிக எடையையும் கூட்டினால் வருவதே மொத்தம்; ஒலிம்பிக்கிலும் காமன்வெல்த் போட்டியிலும் அந்த மொத்தத்துக்கு மட்டுமே பதக்கம். தோற்ற முயற்சிக்கு எதையும் கழிக்க மாட்டார்கள், ஆனால் போன வாய்ப்பு திரும்பியும் வராது. உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு மட்டும் இந்த வரையறை போதாது. அதற்கு ஓர் உண்மையான போட்டியைத் தொடக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன், மேடையில் நடப்பதைப் பார்க்கத் தெரிந்துகொள்வோம்.

ஸ்னாட்ச்சில் வீரர் கம்பியை மிகவும் அகலமாகப் பிடிக்கிறார். கட்டை விரலைக் கம்பியோடு ஒட்டி வைத்து, அதன் மேல் மற்ற விரல்களைப் போட்டு இறுக்குவார். வேகமாக இழுக்கும்போது கம்பி கையிலிருந்து நழுவாமல் இருப்பதற்காக ஏற்பட்ட பிடி அது. தரையிலிருந்து முழங்கால் வரை கம்பி சற்று நிதானமாகவே வரும், முதுகின் கோணம் அதுவரை பெரிதாக மாறாது. முழங்காலைத் தாண்டித் தொடையின் மேல்பகுதிக்குக் கம்பி வந்தவுடன்தான் இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஒரே நேரத்தில் வெடித்தாற்போல் நிமிர்கின்றன. புதிதாகப் பார்ப்பவர்கள், அதன்பின் கைகள்தான் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கிச் செல்கின்றன என்று நினைக்கிறார்கள். உண்மையில் தேர்ந்த வீரரின் கம்பி நெஞ்சளவைத் தாண்டி உயர்வது அரிது. அது மேலே மிதந்துகொண்டிருக்கும் அந்தக் கண நேரத்தில் வீரர்தான் அதற்கு அடியில் போய் உட்கார்ந்து, முழங்கையை நீட்டிப் பூட்டி, தலைக்கு மேல் அதை ஏந்திக்கொள்கிறார். எனவே ஸ்னாட்ச்சில் பலத்தைப் போலவே, கம்பிக்குக் கீழே எவ்வளவு வேகமாகப் போக முடிகிறது என்பதும், அங்கே எவ்வளவு துல்லியமாக நிலைகொள்ள முடிகிறது என்பதும் முக்கியம். கம்பி இரண்டு மூன்று விரற்கடை முன்னால் போனாலும் எடை முன்னால் விழுந்துவிடும். உடலிலிருந்து விலகி வளைந்து வந்தால் தலையைத் தாண்டிப் பின்னால் போய் விழும். எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனித்தாலே பிழை எங்கே நேர்ந்தது என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

கிளீன் அண்ட் ஜெர்க்கில் பிடி தோளகலத்தைவிடச் சற்றுத்தான் கூடுதலாக இருக்கும். இழுக்கும் முறை ஏறக்குறைய அதேதான், ஆனால் கம்பியைத் தலைக்கு மேல் ஏந்த வேண்டியதில்லை. ஆழமாக உட்கார்ந்து முன்தோள்களின் மேல் வாங்கிக்கொண்டால் போதும். இதனால்தான் இந்தப் பிரிவில் கூடுதல் எடை தூக்க முடிகிறது. ஒருவரின் ஸ்னாட்ச் பெரும்பாலும் அவருடைய கிளீன் அண்ட் ஜெர்க்கில் ஐந்தில் நான்கு பங்கு அளவில் இருக்கும். ஆனால் கம்பியைத் தோளில் வாங்கி எழுந்து நிற்பதோடு வேலை முடிவதில்லை. ஆழத்திலிருந்து எழுந்ததில் கால்கள் களைத்திருக்கும், கம்பி கழுத்தை அழுத்திக்கொண்டிருப்பதால் மூச்சு முட்டும், அந்த நிலையிலேயே முழங்காலைச் சிறிது மடக்கி, கால்களின் பலத்தால் கம்பியை மேலே உந்தி, ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைத்து அதற்கடியில் இறங்க வேண்டும். பிறகு இரு கால்களையும் ஒரே கோட்டுக்குக் கொண்டு வந்து, உடல் அசையாமல் நிற்க வேண்டும். தோள் வரை சுலபமாகக் கொண்டு வந்த எடையை ஜெர்க்கில் விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

மூன்று நடுவர்கள் இதைப் பார்க்கிறார்கள், மூவரில் இருவர் சொல்வதே முடிவு. வெள்ளை விளக்கு என்றால் சரி, சிவப்பு என்றால் தவறு. கம்பி தலைக்கு மேல் போனபின்பும் சிவப்பு எரிவதைக் கண்டு பலர் குழம்புவார்கள். பெரும்பாலும் காரணம் முழங்கைதான். ஏந்தும்போது கை மடங்கியிருந்து, பிறகு கையின் பலத்தால் அழுத்தி நிமிர்த்தினால் அந்த முயற்சி செல்லாது. கிளீனில் உட்காரும்போது முழங்கை தொடையையோ முழங்காலையோ தொட்டாலும் செல்லாது. இறக்கி வைக்கலாம் என்ற சைகை வருவதற்கு முன்பே கம்பியைக் கீழே விட்டுவிட்டு, தூக்கிய எடையை இழந்தவர்களும் உண்டு.

இப்போது பதக்கத்தைத் தீர்மானிக்கும் விதிக்கு வருகிறேன். என் கருத்தில் இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: கம்பியின் எடை ஏறுமே தவிர இறங்காது. எல்லா வீரர்களுக்கும் ஒரே மேடை, ஒரே கம்பி. யார் மிகக் குறைந்த எடையைக் கேட்டிருக்கிறாரோ அவர் முதலில் வருகிறார். அவர் முடித்த பிறகு, மீதமுள்ளவர்களில் மிகக் குறைவாகக் கேட்டவர் வருகிறார். ஒரு வீரர் வெற்றிகரமாகத் தூக்கினால் அவருடைய அடுத்த முயற்சி குறைந்தது ஒரு கிலோ கூடுதலாக இருக்க வேண்டும். தோற்றால் அதே எடையை மீண்டும் முயலலாம், அல்லது கூட்டலாம்; குறைக்க மட்டும் முடியாது. ஆகவே மூன்று சுற்றுகள் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் ஒருமுறை தூக்குவார்கள் என்று எண்ண வேண்டாம். ஒருவர் தன் மூன்று வாய்ப்புகளையும் முடித்துவிட்டு உட்கார்ந்த பின்னர்தான் இன்னொருவர் முதன்முறையாக மேடைக்கு வருவதும் நடக்கும்.

பெயர் அழைக்கப்பட்டதும் வீரருக்கு ஒரு நிமிடம் தரப்படுகிறது. அதற்குள் கம்பி தரையை விட்டு எழும்ப வேண்டும். இடையில் வேறு யாரும் வராமல் தானே அடுத்த முயற்சியையும் செய்ய வேண்டியிருந்தால் இரண்டு நிமிடம். கேட்ட எடையை முயற்சிக்கு முன்னால் மாற்றிக்கொள்ளவும் விதிகள் இடம் தருகின்றன, ஆனால் கணக்கில்லாமல் அல்ல, அதற்குக் குறிப்பிட்ட நேரமும் எண்ணிக்கையும் உண்டு. பயிற்சியாளர்கள் மேடைக்குப் பின்னால் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டும் எடையை ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று ஏற்றிக்கொண்டும் இருப்பது இதற்காகத்தான். எதிராளி தூக்குவதைப் பார்த்துவிட்டுப் பிறகு தூக்கினால் எவ்வளவு தேவை என்பது தெரிந்துவிடும். ஆனால் அப்படிக் காத்திருக்க வேண்டுமானால் எதிராளியைவிட அதிக எடையைக் கேட்டாக வேண்டும்.

2022 ஜூலை 30ஆம் தேதி பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நடந்த ஆடவர் 55 கிலோ எடைப் பிரிவை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். மகாராஷ்டிரத்தின் சாங்லியைச் சேர்ந்த சங்கேத் சர்கர் இந்தியாவுக்காக இறங்கினார். அவருக்கு எதிரே மலேசியாவின் அனிக் கஸ்தான். ஸ்னாட்ச்சில் சங்கேத் 113 கிலோ தூக்கினார், அனிக் 107. ஆறு கிலோ முன்னிலை என்பது இந்த எடைப் பிரிவில் சிறியதல்ல. அப்போது பார்த்தவர்கள் யாரும் தங்கம் சங்கேத்துக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள்.

கிளீன் அண்ட் ஜெர்க்கில் சங்கேத் முதல் முயற்சியில் 135 கிலோவைத் தூக்கினார். 113-உம் 135-உம் சேர்ந்து 248. இந்த இடத்தில் அனிக்கின் பக்கத்திலிருந்து கணக்குப் பார்ப்போம். அவரிடம் ஸ்னாட்ச்சில் 107 இருக்கிறது. 248-ஐ எட்ட 141 வேண்டும். ஆனால் எட்டினால் மட்டும் போதாது. மொத்தம் சமமாக இருந்தால் அந்த மொத்தத்தை முதலில் அடைந்தவரே மேலே நிற்பார் என்பது விதி, சங்கேத் 248-ஐ ஏற்கெனவே அடைந்துவிட்டார். ஆகவே 141 தூக்கினால் அனிக்குக்கு வெள்ளி, 142 தூக்கினால் தங்கம். போட்டி முழுவதும் அந்த ஒரு கிலோவில் வந்து நின்றது.

சங்கேத்துக்கும் அவருடைய பயிற்சியாளர்களுக்கும் இது தெரியாமல் இருக்காது. அடுத்து 139 கேட்டார்கள். அதை ஏன் கேட்டார்கள் என்பது கூட்டிப் பார்த்தால் விளங்கும்: 113-உம் 139-உம் சேர்ந்தால் 252. அதை மிஞ்ச அனிக் 146 தூக்க வேண்டியிருந்திருக்கும். அதாவது சங்கேத் நான்கு கிலோ ஏற்றினால் எதிராளி தாண்ட வேண்டிய எல்லையும் நான்கு கிலோ உயரும். 55 கிலோ உடல் எடை கொண்டவருக்கு 142-க்கும் 146-க்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரியது. நல்ல கணக்கு அது. ஆனால் அந்த இரண்டாவது முயற்சியில் சங்கேத்தின் வலது முழங்கை காயப்பட்டது, கம்பி கீழே வந்தது. அவர் பின்வாங்கவில்லை. அதே 139-ஐ மூன்றாவது முறையும் முயன்றார், அதுவும் கைகூடவில்லை. அவருடைய கணக்கு 248-இல் முடிந்தது. இரண்டு தோல்விகளும் அவரிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, முதலில் தூக்கிய 135 அப்படியே இருந்தது. ஆனால் எதிராளியைத் தடுக்க அவரிடம் இனி வாய்ப்பு எதுவும் இல்லை.

கம்பி ஏறுமே தவிர இறங்காது என்று சொன்னேன் அல்லவா, அதனால் 139 கேட்ட சங்கேத் முழுவதும் முடித்த பிறகே 142 கேட்ட அனிக் வந்தார். தனக்குத் தேவையான எண் எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்த 142 மேடையில் எப்படி அடுக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தொலைக்காட்சியில் நிறத்தை வைத்தே எடையைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆடவர் கம்பி 20 கிலோ (மகளிருக்கு 15). தட்டுகள் நழுவாமல் இருபுறமும் முடுக்கும் பூட்டுகள் இரண்டரை இரண்டரையாக ஐந்து கிலோ. மீதி 117, பக்கத்துக்கு ஐம்பத்தெட்டரை. அதற்கு 25 கிலோ சிவப்புத் தட்டு இரண்டு, 5 கிலோ வெள்ளைத் தட்டு ஒன்று, இரண்டரை கிலோ சிறிய சிவப்பு ஒன்று, ஒரு கிலோ சிறிய பச்சை ஒன்று. 20 கிலோ தட்டு நீலம், 15 மஞ்சள், 10 பச்சை. சங்கேத்துக்கும் அனிக்குக்கும் நடுவிலிருந்த வித்தியாசம், பக்கத்துக்கு அரைக் கிலோ வீதம் இரண்டு சிறிய வெள்ளைத் தட்டுகளின் எடைதான்.

அனிக் தம் கடைசி வாய்ப்பில் அந்த 142-ஐத் தூக்கி முடித்தார். 107-உம் 142-உம் 249. தங்கம் மலேசியாவுக்கு, வெள்ளி சங்கேத்துக்கு. இலங்கையின் திலங்க இசுரு குமார 225 கிலோவுடன் வெண்கலம் பெற்றார். பதக்கம் வாங்கும்போது சங்கேத்தின் கை தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் போட்டியைப் பார்த்தவர்கள் பலர், சங்கேத் மூன்றாவது வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அனிக் தூக்கிய பின் தேவையானதை மட்டும் கேட்டிருக்கலாமே என்று கேட்டார்கள். காயத்தை ஒரு புறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் அது முடியாது. அனிக் 249-இல் முடித்த பிறகு சங்கேத்துக்கு 250 தேவை, அதற்கு 137 போதும். ஆனால் அப்போது கம்பியில் இருப்பது 142. அது 137-க்கு இறங்காது. காத்திருந்திருந்தால் குறைந்தது 142 தூக்க வேண்டியிருந்திருக்கும். 139-இல் முழங்கை தாங்காதவருக்கு அது எப்படிக் கைகூடும்? முன்னால் இருப்பவருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. ஸ்னாட்ச்சில் பெற்ற முன்னிலையால் அவருக்குக் குறைந்த எடையே போதுமானதாக இருக்கிறது, குறைந்த எடை கேட்பதால் அவர் முன்னதாகவே தூக்கி முடிக்க நேர்கிறது, அதனால் கடைசி வார்த்தை எதிராளியிடம் போய்விடுகிறது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் வலுவானவர்கள் பின்தங்கியிருந்தாலும் பதறாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இதே நிலைமை நம் ஊர்க்காரர் ஒருவருக்குச் சாதகமாக முடிந்த போட்டி ஒன்றும் இருக்கிறது. 2018இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் இறங்கினார். 2014இல் கிளாஸ்கோவில் 149-உம் 179-உமாக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர் அவர். ஆனால் கோல்ட் கோஸ்டுக்கு வரும்போது, தேசியப் போட்டியில் தொடையில் பட்ட காயத்திலிருந்து முழுதாக மீண்டிருக்கவில்லை. ஸ்னாட்ச்சில் இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145 தூக்கினார், சதீஷ் 144. ஒரு கிலோ பின்தங்கினார்.

கிளீன் அண்ட் ஜெர்க்கில் ஆலிவர் 167 தூக்கி மொத்தத்தை 312 ஆக்கினார். இப்போது சதீஷுக்கு எவ்வளவு வேண்டும் என்று நீங்களே கணக்கிடலாம். 168 தூக்கினால் 312, சமம். ஆனால் முதலில் அடைந்தவர் ஆலிவர். எனவே 169 வேண்டும். ஆலிவர் அடுத்து 171-ஐ இருமுறை முயன்று இருமுறையும் தவறவிட்டார். சதீஷ் 173 தூக்கினார். இந்த 173 எனக்கு மிகவும் பிடித்த எண், ஏனென்றால் அது எதேச்சையாக வந்ததாகத் தெரியவில்லை. ஆலிவர் 171-ஐத் தூக்கியிருந்தால் அவருடைய மொத்தம் 316. அதையும் மிஞ்ச சதீஷுக்குத் தேவைப்பட்டிருக்கக்கூடிய மிகக் குறைந்த எடை சரியாக 173தான். 144-உம் 173-உம் 317. எதிராளி வென்றாலும் தோற்றாலும் செல்லுபடியாகும் எண் அது. தங்கம் உறுதியானதும் சதீஷ் தம் மூன்றாவது வாய்ப்பைப் பயன்படுத்தவே இல்லை. காயம்பட்ட தொடையோடு இன்னும் அதிக எடையைத் தூக்கினால் அவருக்கு அன்று கிடைக்கக்கூடியது எதுவும் இல்லை. ஒரு வீரர் கடைசி வாய்ப்பைக் கைவிட்டுச் செல்வதைப் பார்த்தால் சோர்வு என்றோ அலட்சியம் என்றோ நினைத்துவிட வேண்டாம்.

மூன்று வாய்ப்புகளில் எது முக்கியம் என்று கேட்டால், பார்ப்பவர்கள் மூன்றாவதைச் சொல்வார்கள், பயிற்சியாளர்கள் முதலாவதைச் சொல்வார்கள். நான் பயிற்சியாளர்கள் பக்கம். காரணம், இரண்டு பிரிவுகளில் ஏதாவது ஒன்றில் மூன்றும் தவறிவிட்டால் மொத்தம் என்பதே கிடையாது. மற்றொன்றில் எவ்வளவு தூக்கியிருந்தாலும் தரவரிசையில் பெயர் வராது. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் 48 கிலோ பிரிவில் மீராபாய் சானுவுக்கு நேர்ந்தது அதுதான். ஸ்னாட்ச்சில் 82 கிலோ தூக்கியிருந்தவர், கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சிகளையும் தவறவிட்டார். முதல் முயற்சி தவறும்போது எடை குறையாது என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். தூக்க முடியாமல் போன அதே எடையையோ அதைவிட அதிகமானதையோ, களைத்த கால்களோடு, இதுவும் போனால் எல்லாம் போய்விடும் என்ற எண்ணத்தோடு மீண்டும் எதிர்கொள்ள வேண்டும். அதனால்தான் முதல் முயற்சிக்கு, பயிற்சியில் உடம்பு சரியில்லாத நாளிலும் தவறாமல் தூக்கும் எடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்.

ஐந்தாண்டுகள் கழித்து டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் அவர் தூக்கியதை இதோடு ஒப்பிடலாம். ஸ்னாட்ச்சில் 84, பிறகு 87. மூன்றாவதாகக் கேட்ட 89 தவறியது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் 110, பிறகு 115; மூன்றாவதாகக் கேட்ட 117 தவறியது. இரண்டிலும் முதல் இரண்டு முயற்சிகள் சுத்தமாக முடிந்திருக்கின்றன, இரண்டிலும் மூன்றாவது மட்டும் தவறியிருக்கிறது. 87-உம் 115-உம் 202, வெள்ளிப் பதக்கம். தங்கம் வென்ற சீனாவின் ஹூ ஷிஹுய் 210, வெண்கலம் பெற்ற இந்தோனேசியாவின் விண்டி சாந்திகா 194. இந்த எண்களை ஒரு நிமிடம் பார்த்தால், கிளீன் அண்ட் ஜெர்க்கில் முதல் 110-ஐத் தூக்கியபோதே மீராபாயின் மொத்தம் 197 ஆகிவிட்டது என்பதும், வெண்கலக்காரரின் இறுதி மொத்தத்தை அது அப்போதே தாண்டிவிட்டது என்பதும் தெரியும். கடைசியில் 117 தவறியதால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. அதே நேரத்தில், அதைத் தூக்கியிருந்தாலும் 204தான் ஆகியிருக்கும், 210-ஐ எட்டியிருக்காது.

மொத்தம் சமமாகும்போது முதலில் அடைந்தவருக்கு முன்னுரிமை என்று மேலே சொன்னேன். பழைய போட்டிகளின் காணொளிகளைப் பார்க்கும்போது குழம்பாமல் இருக்க ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரியோ ஒலிம்பிக் காலம் வரை, சமமானால் உடல் எடை குறைந்தவரே மேலே வைக்கப்பட்டார். அங்கே ஆடவர் 77 கிலோ பிரிவில் சீனாவின் லியூ ஷியாவ்ஜுன், கஜகஸ்தானின் நிஜாத் ரஹிமோவ் இருவரும் 379 கிலோ தூக்கினார்கள். லியூ 177-உம் 202-உம், ரஹிமோவ் 165-உம் 214-உம். ஸ்னாட்ச்சில் பன்னிரண்டு கிலோ பின்தங்கியிருந்த ரஹிமோவ், எடை சற்றுக் குறைந்தவர் என்பதால் தங்கம் பெற்றார். ஊக்கமருந்து விதிமீறலுக்காகப் பின்னாளில் அவருடைய பதக்கம் பறிக்கப்பட்டது, தங்கம் லியூவுக்குப் போனது. அந்த ஒலிம்பிக்குக்குப் பிறகு உடல் எடையைப் பார்க்கும் விதி கைவிடப்பட்டது. புதிய விதியே நல்லது என்று நான் நினைக்கிறேன். வெற்றி தோல்வி தராசில் முடிவாகாமல் மேடையிலேயே முடிவாகிறது, பின்னால் வருபவர் சமன் செய்வதற்காக அல்ல, மிஞ்சுவதற்காகவே கேட்க வேண்டியிருக்கிறது.

செய்திகளில் ஒரே போட்டியில் ஒரே வீரருக்குத் தங்கமும் வெண்கலமும் கிடைத்ததாகப் படித்தால் அதில் தவறில்லை. உலக சாம்பியன்ஷிப்பிலும் ஆசிய சாம்பியன்ஷிப்பிலும் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க், மொத்தம் என்று மூன்றுக்கும் தனித்தனிப் பதக்கம் தருகிறார்கள். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் மீராபாய் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி அப்போதைய உலக சாதனையோடு அந்தப் பிரிவின் தங்கத்தைப் பெற்றார். ஆனால் ஸ்னாட்ச்சில் 86தான் முடிந்ததால் மொத்தம் 205 ஆக நின்று, மொத்தத்துக்கான பதக்கத்தில் வெண்கலமே கிடைத்தது. அதே எண்களை ஓர் ஒலிம்பிக்கில் தூக்கியிருந்தால் அந்த 119-க்குத் தனியாகப் பதக்கம் எதுவும் இருந்திருக்காது. 205 என்ற கூட்டுத்தொகையை மட்டுமே பார்த்திருப்பார்கள்.